லோடிங் கட்டியாச்சு, சர்க்கரைக்கும் கவர் வந்தாச்சா?

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு திரும்புகிறவர்கள் கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று அலைந்துவிட்டு, கடைசியில்தான் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு வருகிறார்கள். விண்ணப்பம், ஆதார், ரத்தப் பரிசோதனை வரை ஏஜென்ட்டே முடித்துக் கொடுத்துவிடுவார். அதன் பிறகு கம்பெனியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அது பாலிசி இல்லை. ‘இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதித்தால் தருகிறோம்’ என்கிற எதிர்ப் பேச்சு. கவுண்ட்டர் ஆஃபர் என்பார்கள். நீங்கள் சம்மதம் கொடுத்து, கேட்ட பணமும் கட்டி, பாலிசி தொடங்கும்வரை, முன்பே ஏதாவது தொகை கட்டியிருந்தாலும், எந்தக் கவரும் கிடையாது. அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவு உங்களுடையது.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். வயது 44, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். வழக்கமான பிரீமியம் 16,000 ரூபாய், அதன் மேல் லோடிங் என்கிற கூடுதல் கட்டணம் 25 சதவீதம், அதாவது 4,000. மொத்தம் 20,000. (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, யாராவது சேர்த்துக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.) அதற்குக் கீழே ஒரு வரி: சர்க்கரை நோய்க்கும் அதன் பின்விளைவுகளுக்கும் 36 மாதக் காத்திருப்பு.

‘சர்க்கரைக்குத்தானே நாலாயிரம் கூட வாங்கினான், அப்போ சர்க்கரைக்கும் கொடுப்பான்’ என்று நினைப்பதுதான் பொறி. இரண்டும் வெவ்வேறு கணக்கு. சர்க்கரை இருப்பவருக்குத் தொற்றும் புண்ணும் மற்றவர்களைவிட அதிகம் வரும், ஆறவும் நாளாகும். பாலிசி காலம் முழுக்க இருக்கும் அந்தக் கூடுதல் அபாயத்துக்குத்தான் லோடிங். காத்திருப்போ, சிகிச்சை தேவைப்படும் நேரம் பார்த்து ஆள் சேர்வதைத் தடுக்க. கம்பெனி இரண்டையும் ஒன்றாக வைப்பதில் தப்பில்லை. ஏஜென்ட் அதைச் சொல்லாமல் சம்மதத்துக்கான ஓடிபியை வாங்குவதுதான் தப்பு. விபத்துக்கு முதல் நாளிலிருந்தும், டெங்கு மாதிரிக் காய்ச்சலுக்கு 30 நாள் கழித்தும் கவர் உண்டு. சர்க்கரையால் ஆறாத கால் புண், சிறுநீரகப் பாதிப்பு என்றால் மூன்று வருஷம் கைக்காசு. துபாயில் பத்து வருஷம் கம்பெனி இன்சூரன்ஸ் இருந்ததெல்லாம் இங்கே காத்திருப்பில் கழிவாகாது; காத்திருந்த காலத்தைக் கையோடு கொண்டுபோய்க் கம்பெனி மாறும் போர்ட்டபிலிட்டி இந்தியக் கம்பெனிகளுக்குள் மட்டும்தான்.

ஆகவே சம்மதிக்கும் முன் மெயிலில் கேளுங்கள். போனில் கேட்டால் பின்னால் சாட்சி இல்லை. குடும்ப பாலிசி என்றால் லோடிங் ஒருவர் மேலா, மொத்தத்தின் மேலா? ‘பின்விளைவு’ என்பதில் மாரடைப்பும் அடங்குமா? சர்க்கரை கட்டுப்பட்டால் லோடிங்கை மறுபரிசீலனை செய்வார்களா? சதவீதம் அப்படியே இருந்தாலும் ரூபாய் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்: வயது ஏறி அடிப்படை 20,000 ஆனால் லோடிங் 5,000.

பரிசோதனை அறிக்கையின் நகலையும் வாங்குங்கள். வெறும் வயிற்றில் எடுக்கவேண்டிய ரத்தத்தை, வழியில் ஒரு டீ குடித்துவிட்டுக் கொடுத்தால் அளவு ஏறித்தான் காட்டும். எச்பிஏ1சி என்கிற பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்வதால் அந்த ஒரு டீ அதைக் கெடுக்காது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் புது அறிக்கையோடு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். குறைப்பார்களா என்பது அவர்கள் முடிவு.

பிடிக்கவில்லை என்றால் மறுத்துவிடலாம். முன்பே பணம் கட்டியிருந்தால் அது திரும்ப வரும், பரிசோதனைச் செலவைக் கழிக்கலாம். ஆனால் அடுத்த கம்பெனியின் படிவத்தில் ‘இதற்கு முன் யாராவது மறுத்தார்களா, லோடிங் போட்டார்களா’ என்ற கேள்வி இருந்தால் ‘ஆம்’ என்றே எழுதுங்கள். ‘இல்லைன்னு போடுங்க சார், எவன் பாக்கப்போறான்’ என்று சொல்லும் ஏஜென்ட், கிளெய்ம் நாளில் போனை எடுக்கமாட்டார். தொடர்ந்து 60 மாதம் ஓடும்வரை, மறைத்ததைக் காட்டிக் கிளெய்மை நிராகரிக்கலாம். மோசடி நிரூபணமானால் அதற்குப் பிறகும் விடமாட்டார்கள்.

சம்மதித்துப் பாலிசி வந்ததும் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் கவரின் விவரங்கள் இருக்கும் ஷெட்யூல் பக்கத்தை ஒப்பிடுங்கள். கடிதத்தில் 36 மாதக் காத்திருப்பாக இருந்தது இங்கே நிரந்தர விலக்காக மாறியிருக்கக்கூடாது. பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டவேண்டும் என்கிற கோ-பே ஏதும் பேசாமல் முளைத்திருக்கவும் கூடாது. மாறியிருந்தால், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு.