குறும்படத்தின் கடைசிப் பெயர்ப்பட்டியல்: யாரை எங்கே போடுவது, எந்த வேகத்தில் ஓட்டுவது

படத்தை வெட்டி ஒட்டி, ஒலியும் சேர்த்து முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைம்லைன் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு ஸ்க்ரோல் தேவைதானா? மொத்தம் இருபது, இருபத்தைந்து பெயர்கள்தான் என்றால் தேவையில்லை. நான்கைந்து நிலையான அட்டைகள் போதும். ஒவ்வோர் அட்டையையும் நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க ஆகும் நேரம் திரையில் நிற்கட்டும். அதற்கு மேல் பெயர்கள் இருந்தால்தான் ஓடும் பட்டியல்.

வரிசை

படம் முடிந்த கையோடு வரும் முதல் அட்டைகளில் எழுத்து இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை. தொடக்க டைட்டிலில் இயக்குநர் பெயர் கடைசியாக வரும். இறுதியில் அது தலைகீழாகி முதலில் வரும். இதற்குப் பிறகுதான் ஸ்க்ரோல். அதில் முதலில் நடிகர்கள், திரையில் தோன்றும் வரிசையில். "யார் பெரிய நடிகர்" என்ற சண்டையே வராது. அடுத்து துறைவாரியாகக் குழு: இயக்கம், தயாரிப்பு நிர்வாகம், கேமரா, லைட், கலை, உடை, ஒப்பனை, படப்பிடிப்புத் தள ஒலி. அதன் பிறகு படப்பிடிப்பு முடிந்து நடந்த வேலைகள்: எடிட்டிங் உதவி, வண்ணம், ஒலி வடிவமைப்பு, மிக்ஸிங், சப்டைட்டில். பிறகு பாடல், இசைக்கான உரிமை வரிகள். கடைசியில் நன்றி.

இயக்குநரே எழுதி, எடிட் செய்து, ஒலியும் பார்த்திருந்தால் அத்தனையையும் ஒரே அட்டையில் சேர்த்துவிடுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப ஓடினால் பார்ப்பவர் சிரித்துவிடுவார்.

நன்றிப் பகுதியில் எனக்கு ஒரு கறாரான விதி உண்டு: வேலை செய்தவரை நன்றியில் போடக்கூடாது. ஒரே ஒரு நாள் வந்து பூம் மைக் பிடித்தவர் ஒலிக்குழுவில் "கூடுதல் பூம்" என்று வரவேண்டும். வீடு கொடுத்தவர், லென்ஸ் இரவல் தந்தவர், ஸ்கிரிப்ட் படித்துக் கருத்துச் சொன்னவர் ஆகியோர்தான் நன்றிக்குரியவர்கள். இவர்களை அகர வரிசையில் அடுக்குங்கள். இலவச உரிமத்தில் எடுத்த இசைக்கு "நன்றி" மட்டும் போதாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் பாடலின் பெயர், உருவாக்கியவர், எங்கிருந்து எடுத்தீர்கள், எந்த உரிமம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

எழுதி முடித்த பட்டியலை அதில் உள்ள எல்லோருக்கும் அனுப்பி, அவரவர் பெயரை அவரவரே சரிபார்க்கச் சொல்லுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது அவருக்குத்தான் தெரியும்.

வேகம்

பலரும் தடுமாறும் இடம் இது. எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கும் தயார் ஸ்க்ரோல் டைட்டிலை இழுத்துப் போட்டு, இசை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நீட்டுவார்கள். ஓட்டிப் பார்த்தால் எழுத்துகள் நடுங்கும். எழுத்துருவை மாற்றினாலும் நடுக்கம் போகாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் எழுத்து முழு எண்ணிக்கையிலான பிக்சல்கள் மேலே நகர வேண்டும். 3 பிக்சல் என்றால் எப்போதும் 3. அது 3.375 ஆனால் மென்பொருள் சில ஃப்ரேம்களில் 3, சிலவற்றில் 4 என்று தள்ளும். அல்லது எழுத்தை இரு பிக்சல்களுக்கு நடுவே மங்கலாக வரையும். இரண்டுமே கண்ணை உறுத்தும்.

1080 பிக்சல் உயரம், நொடிக்கு 24 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரேமுக்கு 2 பிக்சல் என்றால் ஒரு வரி கீழிருந்து மேலே போய் மறைய 22.5 நொடி, தூக்கம் வரும். 3 என்றால் 15 நொடி, 4 என்றால் 11.25 நொடி. 5 என்றால் 9 நொடி, ஓட்டமாக ஓடும். குறும்படத்துக்கு என் தேர்வு 3; நேரம் நெருக்கினால் 4. 4கே படத்துக்கு இந்த எண்களை இரட்டிப்பாக்குங்கள்.

ஓர் உதாரணம். 32 வரிகள், வரிக்கு 54 பிக்சல்: 1728. துறைகளுக்கு நடுவே 6 இடைவெளிகள், ஒவ்வொன்றும் 72 பிக்சல்: 432. பட்டியலின் உயரம் 2160. அது திரைக்குக் கீழே தொடங்கி மேலே முழுதாக மறைய வேண்டும் என்பதால் திரையின் உயரம் 1080-ஐயும் கூட்டினால் 3240. மூன்றால் வகுத்தால் 1080 ஃப்ரேம், அதாவது 45 நொடி.

இசை 40 நொடிதான் இருக்கிறதா? அதே பட்டியலை 40 நொடிக்குள் அப்படியே அடைக்காதீர்கள். அங்கேதான் அந்த 3.375 வருகிறது. வேகத்தை அடுத்த முழு எண்ணான 4-க்கு ஏற்றி, அதற்கேற்பப் பட்டியலின் உயரத்தை மாற்றுங்கள். 40 நொடிக்கு 960 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 4 பிக்சல் வைத்தால் 3840. அதில் 1080 போக 2760. நம்மிடம் 2160 இருக்கிறது, 600 குறைகிறது. ஆறு இடைவெளிகளிலும் தலா 100 பிக்சல் கூட்டினால் கச்சிதமாகப் பொருந்தும்.

செய்து முடிப்பது

பட்டியலை நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில்தான் அடுக்குகிறேன். சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழ் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மேலே சொன்ன 45 நொடி உதாரணத்துக்குப் பக்க அளவு 1920 x 2160. பணியின் பெயர் இடப்பக்கம், நடுக்கோட்டை ஒட்டி. ஆளின் பெயர் வலப்பக்கம், அதே கோட்டை ஒட்டி. எழுத்து 36 பிக்சல். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரி உயரத்தை 54-க்குக் கீழே குறைக்காதீர்கள். மெல்லிய எழுத்துரு மினுமினுக்கும், நடுத்தரத் தடிமன் எடுங்கள். தூய வெள்ளையை விட லேசான சாம்பல் நிறம் ஓடும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும். 96 dpi-யில் credits.png என்ற பெயரில் பிஎன்ஜியாக எடுத்து, கட்டளை வரியில் இயங்கும் ffmpeg மென்பொருளில் இப்படி ஓட்டுங்கள்:

```
ffmpeg -f lavfi -i color=black:s=1920x1080:r=24 \
 -loop 1 -framerate 24 -i credits.png \
 -filter_complex "[0][1]overlay=x=0:y=1080-3*n:format=rgb" \
 -frames:v 1080 -c:v prores_ks scroll.mov
```

பின்சேர்க்கை: முதலில் இந்தக் கட்டளையை `format=rgb` இல்லாமல் கொடுத்திருந்தேன். "கணக்கு சரி, ஆனாலும் நடுங்குகிறது" என்று ஒரு வாசகர் எழுதினார். அதைச் சேர்க்காவிட்டால் ffmpeg நிறத்தகவலைப் பாதி உயரத்தில் வைத்துக்கொண்டு, நகர்வை இரட்டைப்படை எண்ணுக்கு இறக்கிவிடும். நீங்கள் கேட்ட 3, 3, 3 என்பது 2, 4, 2, 4 ஆகிவிடும். 2 அல்லது 4 வைத்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொருவருக்கு நொடிக்கு ஒரு முறை விக்கல் மாதிரி தடங்கல். அவர் டைம்லைன் 25 ஃப்ரேம். 24-இல் செய்த ஸ்க்ரோலைப் போட்டால் ஒவ்வொரு நொடியிலும் ஒரு ஃப்ரேம் இரட்டிக்கும். கட்டளையில் இரண்டு இடங்களிலும் 24-ஐ 25 ஆக்கினால் தீரும். 45 நொடி 43.2 ஆகும், அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 24 ஃப்ரேம் படம் எப்படியும் லேசாகத் தடுக்கும். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, ஏதாவது ஓர் எழுத்து ஒரே அளவில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

படத்தின் பதிப்புரிமை வரியையும் லோகோவையும் ஸ்க்ரோலில் சேர்க்காமல், தனி அட்டையாக மெல்லத் தோன்றி மறையும்படி வையுங்கள். ஓடிவந்த பட்டியல் நடுத்திரையில் திடீரென்று நிற்பது அழகாக இருக்காது. விழாவுக்கு அனுப்பும்போது படத்தின் நீளத்தில் இதெல்லாமும் சேரும். ஆஸ்கர் விதியில் குறும்படத்துக்கான 40 நிமிட வரம்பே பெயர்ப்பட்டியலையும் சேர்த்துத்தான். நீங்கள் அனுப்பும் விழாவின் வரம்பு 10 நிமிடம், உங்கள் படம் 9 நிமிடம் 40 நொடி என்றால், ஸ்க்ரோலை விட்டுவிட்டு அட்டைகளுக்கே திரும்புங்கள்.