ஏறி இறங்கும் விற்பனைக்குத் தவணைக் கடனா, ஓவர்டிராஃப்டா?

தவணைக் கடனில் முழுத் தொகையும் முதல் நாளே வந்துவிடும், மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டி அடைக்க வேண்டும். ஓவர்டிராஃப்டில் வங்கி ஒரு உச்சவரம்பு தரும். எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி.

படி 1: பற்றாக்குறையை வாரவாரியாக எழுதுங்கள். போன வருடக் கணக்கை எடுத்து, சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் முடங்கிய பணத்தில் சொந்தக் காசு போக எவ்வளவு துண்டு விழுந்தது என்று பாருங்கள். மாதக் கடைசியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சரக்குக்காரருக்கு 5ஆம் தேதி கொடுத்து, விற்ற பணம் 25ஆம் தேதி வந்தால், நடுவில் விழுந்த பள்ளம் கண்ணிலேயே படாது.

படி 2: அடிமட்டத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு கடைக்கு 8 மாதம் 2 லட்சம், சீசனுக்கான 4 மாதம் 5 லட்சம் தேவை என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்துக்குக் கீழே தேவை இறங்குவதே இல்லை, அது நிரந்தரமாக முடங்கிய பணம். அதற்கு மேலே உள்ள 3 லட்சம்தான் வந்து போகிறது.

படி 3: மொத்தத்தையும் தவணைக் கடனாக வாங்கினால் என்ன ஆகும்? 5 லட்சம், 10% வட்டி, 3 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 16,130. சீசன் 8ஆம் மாதம் தொடங்குகிறது என்றால், அதற்குள் 7 தவணை கட்டி அசலில் ஏறக்குறைய 86,000 குறைந்திருக்கும். 5 லட்சம் தேவைப்படும் நேரத்தில் 4.14 லட்சம்தான் இருக்கும்! முதல் வருட வட்டி மட்டும் சுமார் 43,000. மந்த மாதங்களில் சும்மா கிடந்த பணத்துக்கும் சேர்த்துத்தான் இந்த வட்டி.

அதே 5 லட்சத்தை 12% ஓவர்டிராஃப்டாக எடுத்தால், சராசரி பாக்கி 3 லட்சம், வருட வட்டி 36,000. வட்டி விகிதம் அதிகம், செலவு குறைவு. ஆனால் 2 லட்சம் அதில் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும். வரம்பை வங்கி வழக்கமாக வருடாவருடம் புதுப்பிக்கும், குறைக்கவும் செய்யலாம். அன்றைக்கு அந்த 2 லட்சத்தை எங்கிருந்து புரட்டுவது?

படி 4: பிரித்து வாங்குங்கள். அடிமட்ட 2 லட்சம் தவணைக் கடன், மேலே 3 லட்சம் ஓவர்டிராஃப்ட், வாரப் பள்ளத்துக்காகக் கொஞ்சம் கூடுதல் வரம்பு. ஒரே நிபந்தனை, மந்த மாத லாபம் அந்தச் சின்ன இ.எம்.ஐ.யைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்துத் தவணை கட்டுவீர்கள், கடன் இடம் மாறுமே தவிர குறையாது. செயல்பாட்டுக் கட்டணம், பயன்படுத்தாத வரம்புக்கும் கட்டணம் உண்டா என்பதை எல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மாதத்தின் மிகக் குறைந்த பாக்கியைக் குறித்து வாருங்கள். சீசன் முடிந்ததும் ஓவர்டிராஃப்ட் பாக்கி பூஜ்யத்துக்கு அருகே வர வேண்டும். அப்படி வராமல் 80,000, ஒரு லட்சம் என்று அடிமட்டம் ஏறினால், விற்காத சரக்கு தேங்குகிறதா, ஃப்ரிட்ஜ், அலமாரி என்று எதையாவது அந்தக் கணக்கிலிருந்து வாங்கினீர்களா, வீட்டுச் செலவுக்குப் போனதா என்று தேடுங்கள். ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்றால் அந்தத் தொகையைத் தனித் தவணைக் கடனுக்கு மாற்றிவிடலாம். தேங்கிய சரக்கு என்றால் புதுக் கடன் வாங்காதீர்கள், விலையைக் குறைத்தாவது விற்றுத் தள்ளுங்கள்.