ஜாதகத்தோட அனுப்புற போட்டோவும் ரெண்டு மணி நேர ரீடச்சும்: எடுக்கும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தி பொண்ணுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சாங்க, ஜாதகத்தோட வைக்க ஒரு போட்டோ வேணும்னு என்கிட்ட வந்தாங்க. நானும் அவசரத்துல மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் பதினொன்றரை மணி வெயில்ல, மாடிப்படி ரூம் சுவத்துல சாய்ஞ்சு நிக்க வெச்சு, மொபைலை மூஞ்சிக்குக் கிட்டக்க கொண்டு போய் பத்து பதினஞ்சு படம் எடுத்துட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து ரீடச் பண்ணியும் "இது நம்ம பொண்ணு மாதிரியே இல்லையேப்பா"ன்னு சித்தி சொன்னாங்க. உண்மைதான், அது அவ மாதிரியே இல்ல. மறுநாள் அதே புடவை, அதே மொபைல், ஹால் ஜன்னல் பக்கத்துல எடுத்தேன், எடிட்டிங் பத்து நிமிஷத்துல முடிஞ்சது. முதல் நாள் நான் பண்ண மூணு தப்பைப் பத்திதான் இங்க சொல்றேன்.

முதல் தப்பு வெளிச்சம். வெளிச்சம் நிறைய இருந்தா படம் நல்லா வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா எவ்ளோ இருக்குங்கிறதை விட எந்தப் பக்கத்துல இருந்து வருதுங்கிறதுதான் விஷயம். உச்சி வெயில் தலைக்கு மேல இருந்து விழும்போது புருவ எலும்பு கண்ணு மேல நிழல் போடும், மூக்கு நிழல் மேலுதட்டுல மீசை மாதிரி விழும், நெத்தியும் மூக்கு நுனியும் எண்ணெய் மினுமினுப்புல வெள்ளையா வெளுத்துடும். கண்ணுக்குக் கீழ இருக்கற கருப்பை எடிட்டிங்ல தூக்கினா அங்க சாம்பல் பூசின மாதிரி ஆகுது. நெத்தியில வெளுத்த இடத்துல தோலோட விவரமே பதிவாகல, அதை எங்கிருந்து கொண்டு வர்றது? ஹால்ல நடு சீலிங் லைட்டுக்கு நேர் கீழ நிக்க வெச்சாலும் இதே கதைதான்.

அதுக்காக ஜன்னலுக்குப் பக்கவாட்டா நிறுத்திடலாம்னு போனா அங்கயும் ஒரு சிக்கல். வெளிச்சம் நேர் பக்கத்துல இருந்து கன்னத்தை உரசிட்டுப் போனா ஒவ்வொரு பருவுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் குட்டி நிழல்னு வந்துடும், நேர்ல கண்ணுக்கே தெரியாத மேடு பள்ளம் எல்லாம் படத்துல தெரியும். அவளை ஜன்னல்ல இருந்து ஒரு மூணு நாலு அடி தள்ளி ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சு, மூஞ்சியை ஜன்னல் பக்கமா பாதி திருப்பச் சொன்னேன், அதாவது வெளிச்சம் முன்னாடியும் இல்லாம பக்கத்துலயும் இல்லாம கோணலா வரணும். இப்ப பருவோட நிழல் போயிடும், செவப்பு நிறம் மட்டும்தான் மிச்சம், அது ஹீலிங் பிரஷ்ல ஒரு தட்டு. ஜன்னல்ல நேரா வெயில் அடிச்சா ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்க கட்டிடுங்க. மூஞ்சியோட மறுபக்கம் ரொம்ப இருட்டா இருந்தா அந்தப் பக்கம் ரெண்டு மூணு அடியில ஒரு தெர்மாகோல் ஷீட்டை நாற்காலி மேல சாய்ச்சு வெச்சா போதும், அதுவும் இல்லைன்னா வெள்ளை பெட்ஷீட்.

எடம் சரியான்னு தெரிஞ்சுக்க நான் பண்றது, ஆளை உக்கார வைக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்துல என் கையை மடக்கி மூஞ்சி உயரத்துக்கு நீட்டி, நின்ன இடத்துலயே மெதுவா சுத்திப் பார்ப்பேன். விரல் முட்டிக்குக் கீழ நிழல் கத்தியால வெட்டின மாதிரி தெரிஞ்சா அந்தத் திசை வேணாம், மங்கலா கரைஞ்சு போனா அங்கதான் உக்கார வைக்கணும். அப்புறம், ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கும்போது ட்யூப் லைட், மஞ்சள் பல்பு எல்லாத்தையும் அணைச்சுடுங்க. ஒரு கன்னம் நீலமா இன்னொரு கன்னம் மஞ்சளா வந்தா வொயிட் பேலன்ஸ் எப்படி மாத்தினாலும் ஒரு பக்கம் தப்பாதான் இருக்கும், அதுல மாட்டிட்டு முழிச்சவன் சொல்றேன். ஒரு டிஷ்யூ வெச்சு நெத்தியை ஒத்தி எடுக்கறதையும் மறந்துடாதீங்க.

ரெண்டாவது தப்புதான் சித்தி சொன்ன "நம்ம பொண்ணு மாதிரி இல்ல"ங்கிறதுக்குக் காரணம். மொபைலோட 1x கேமரா வைடா பார்க்கும், அதனால மூஞ்சி ஃப்ரேம் நிறைய வரணும்னா நாம கிட்டக்கப் போயிடுவோம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவுல சுமாரா 12 செ.மீ. இருக்குன்னு வெச்சுக்கோங்க. 40 செ.மீ. தூரத்துல இருந்து எடுத்தா மூக்கு 40-ல, காது 52-ல, அப்ப காதோட ஒப்பிட்டா மூக்கு இருக்க வேண்டிய அளவை விட 30 சதவீதம் பெருசா பதிவாகும். அதுவே 2 மீட்டர் தள்ளி நின்னா 200-க்கு 212, வித்தியாசம் வெறும் 6 சதவீதம், கண்ணு அதைக் கண்டுக்காது. இது லென்ஸோட குறைன்னு சொல்றாங்க, இல்லைங்க, முழுக்க தூரத்தோட வேலைதான், எந்த லென்ஸ் போட்டாலும் 40 செ.மீ.-ல இருந்து எடுத்தா மூக்கு அப்படித்தான் இருக்கும். லென்ஸ் பண்றது என்னன்னா, தள்ளி நிக்கும்போது மூஞ்சியை ஃப்ரேம் நிறைய கொண்டு வர்றது.

நான் அன்னைக்கு ராத்திரி லிக்விஃபை போட்டு மூக்கை சின்னதாக்கினேன், கன்னம் இழுத்துச்சு, கன்னத்தை சரி பண்ணா தாடை கோணிடுச்சு. கிட்டத்துல எடுத்ததால காது பாதி கன்னத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருந்தது, ஜிமிக்கி அரைகுறையா தெரிஞ்சது, அதை எந்த டூலும் சரியா திருப்பித் தராது. மறுநாள் ஆறு ஏழு அடி தள்ளி நின்னு 2x வெச்சு எடுத்தேன், கண் உயரத்துக்கு மொபைலைப் பிடிச்சேன், அவ்ளோதான். 2x இல்லாத போன்னா தள்ளி நின்னு 1x-லயே எடுத்து அப்புறம் க்ராப் பண்ணுங்க, கொஞ்சம் ஷார்ப்னஸ் போகும், மூஞ்சி போகாது. குடும்பத்தோட குரூப் போட்டோ எடுக்கறவங்களும் கவனிங்க, வைடுல எடுத்தா ஓரத்துல நிக்கறவங்க பக்கவாட்டுல இழுபட்டு குண்டா தெரிவாங்க, அப்புறம் அத்தை உங்ககிட்ட பேச மாட்டாங்க.

மூணாவது பின்னணி. மாடிப்படி ரூம் சுவரு கிளிப்பச்சை பெயின்ட், வெயில் பட்டு அந்தப் பச்சை அவ தாடை ஓரத்துலயும் கழுத்துலயும் அடிச்சிருந்தது. படம் முழுக்க பச்சையைக் குறைச்சா புடவை பார்டர் நிறம் மாறுது, அதனால கழுத்தை மட்டும் மாஸ்க் போட்டு மாத்த வேண்டியதாப் போச்சு. சுவத்துல சாய்ஞ்சு நின்னதால கூந்தலோட நிழலும் சுவத்துல கெட்டியா விழுந்தது. சுவரை விட்டு அஞ்சு ஆறு அடி முன்னாடி வந்துட்டா நிழல், கலர் ரெண்டும் அனேகமா போயிடும். சின்ன ஹால்னா அடுத்த ரூம் கதவைத் திறந்து விட்டு அதை முதுகுக்குப் பின்னாடி வர்ற மாதிரி உக்கார வெக்கலாம், ஆனா உள்ள கும்மிருட்டா இருந்தா கருப்பு முடி அதுலயே கலந்து தலை எங்க முடியுதுன்னே தெரியாது. மல்லிப்பூ வெச்சிருந்தா வெள்ளைச் சுவரும் சரிப்படாது. வெளிர் சாம்பல், மங்கின பழுப்பு மாதிரி நடுவாந்திர நிறம்தான் பாதுகாப்பு. காலண்டர், ஸ்விட்ச் போர்டு எல்லாம் தலைக்குப் பின்னாடி வந்தா அழிக்க மெனக்கெடாதீங்க, ஸ்டூலை ஒரு அடி நகர்த்துங்க.

போர்ட்ரெய்ட் மோட் போட்டா பின்னணி மங்கிடுமேன்னு கேக்கலாம். மங்கும், கூடவே பறக்கற முடியையும் ஜிமிக்கி தொங்கலையும் சேர்த்து மங்கடிச்சுடும், அதனால கூடவே ஒரு நார்மல் ஷாட்டும் எடுத்து வைங்க. அப்புறம் புடவை மாத்த விடுறதுக்கு முன்னாடி படத்தைப் பெருசாக்கி கண்ணு, கழுத்து, காது பக்கம் மூணையும் பாத்துடுங்க, கண்மணியில ஜன்னல் வெளிச்சப் பொட்டு மேல் ஓரமா தெரியணும், கழுத்துல வேற கலர் இருக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் முடி தனியா பிரிஞ்சு தெரியணும். மறுநாள் எடுத்தப்ப காது பக்கம் பார்க்கும்போது மாட்டினது மல்லிப்பூச் சரத்துல தொங்கின ஒரு வாழை நார், அங்கயே எடுத்து விட்டுட்டு இன்னொன்னு கிளிக் பண்ணிட்டேன்.