25-க்கு 42: எச்டிஎஃப்சி இணைப்பை வைத்து பங்கு மாற்று விகிதமும் இபிஎஸ் கணக்கும்

இரண்டு நிறுவனங்கள் இணையும் செய்தியில் "இத்தனை பங்குக்கு இத்தனை பங்கு" என்று ஒரு வரி இருக்கும். அதுதான் பங்கு மாற்று விகிதம், ஷேர் ஸ்வாப் ரேஷியோ. அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி, வாங்கும் நிறுவனத்தின் பழைய பங்குதாரருக்கு ஒரு பங்குக்கான லாபம், அதாவது இபிஎஸ், கூடுமா குறையுமா என்பதை நாமே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். கூடினால் அக்ரீஷன், குறைந்தால் டைல்யூஷன்.

உதாரணத்துக்கு எச்டிஎஃப்சி இணைப்பை எடுத்துக்கொள்கிறேன். 2022 ஏப்ரல் 4 அன்று அறிவித்தார்கள், 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கடன் கொடுத்துவந்த எச்டிஎஃப்சி லிமிடெட், தான் தொடங்கிய எச்டிஎஃப்சி வங்கிக்குள்ளேயே கரைந்தது. இனி சுருக்கமாக "லிமிடெட்", "வங்கி" என்கிறேன். இந்த உதாரணத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

படி 1: விகிதத்தை ஒரு பங்குக் கணக்காக மாற்றுங்கள்

லிமிடெட்டின் 25 பங்குக்கு வங்கியின் 42 பங்கு என்பது அறிவிப்பு. 42-ஐ 25-ஆல் வகுத்தால் 1.68. லிமிடெட்டின் ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு வங்கியின் 1.68 பங்கு. உங்களிடம் 10 பங்கு இருந்திருந்தால் 16.8 வரும். 16 பங்கு டிமேட்டில் ஏறும், மிச்சமுள்ள 0.8-க்குப் பணமாகக் கிடைக்கும்.

லிமிடெட் பங்கின் முகமதிப்பு 2 ரூபாய், வங்கிப் பங்கின் முகமதிப்பு 1 ரூபாய். அறிவிப்பில் இதுவும் இருப்பதால் புதியவர்கள் பலர் குழம்புவார்கள். விகிதத்துக்கும் முகமதிப்புக்கும் சம்பந்தமில்லை, அதை மறந்துவிடுங்கள்.

பார்க்கவேண்டியது சந்தை விலையை. அறிவிப்புக்கு முந்தைய வர்த்தக நாளில் வங்கிப் பங்கு சுமார் 1,506 ரூபாய், லிமிடெட் பங்கு சுமார் 2,450 ரூபாய். 1,506-ஐ 1.68-ஆல் பெருக்கினால் 2,530. அதாவது லிமிடெட் பங்குதாரருக்குச் சந்தை விலைக்கு மேல் மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்து நிறுவனங்கள் என்பதால் பிரீமியம் இவ்வளவு சிறியதாக இருக்கிறது. தொடர்பில்லாத வெளி நிறுவனத்தை வாங்குவதென்றால் இது பெரும்பாலும் பல மடங்கு இருக்கும். மதிப்பீட்டாளர்கள் ஒருநாள் விலையை மட்டும் வைத்து விகிதம் போடுவதில்லை. பல வாரச் சராசரி விலை, எதிர்கால வருமானம், சொத்து மதிப்பு என்று வெவ்வேறு வழிகளில் கணக்கிட்டு, எடை போட்டுத்தான் ஓர் எண்ணுக்கு வருவார்கள். நாம் வெளியிலிருந்து சரிபார்க்க சந்தை விலையே போதும்.

படி 2: இணைப்புக்குப் பின் மொத்தப் பங்குகள் எத்தனை?

லிமிடெட்டுக்கு 185.14 கோடி பங்குகள் இருந்தன. 1.68-ஆல் பெருக்கினால் 311.04 கோடி. இவ்வளவு புதுப் பங்குகளை வங்கி வெளியிட்டது. வங்கியில் ஏற்கெனவே இருந்தவை 559.18 கோடி. இரண்டையும் கூட்டி 870 கோடி என்று எழுதினால் கணக்கு தப்பு.

சிக்கல் இங்கேதான். லிமிடெட்தான் வங்கியின் மிகப் பெரிய பங்குதாரர். நேரடியாகவும் துணை நிறுவனங்கள் வழியாகவும் அதன் கையில் வங்கியின் 116.46 கோடி பங்குகள், ஏறத்தாழ 21 சதவீதம், இருந்தன. லிமிடெட் வங்கிக்குள் வந்ததும் அந்தப் பங்குகள் வங்கியின் கைக்கே வந்துவிடுகின்றன. ஒரு நிறுவனம் தன் பங்கைத் தானே வைத்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் ரத்து செய்தார்கள்.

```
559.18 - 116.46 + 311.04 = 753.76 கோடி பங்குகள்
```

ஆகவே நிகரமாகக் கூடியவை 311 கோடி அல்ல, 194.58 கோடி மட்டுமே. இந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 3: லாபங்களைக் கூட்டுங்கள், ஆனால் கழிக்கவேண்டியதைக் கழியுங்கள்

இரண்டும் தனித்தனியாக இருந்த கடைசி முழு ஆண்டு 2022-23. தனித்த கணக்கின்படி, அதாவது துணை நிறுவனங்களைச் சேர்க்காமல், வங்கியின் நிகர லாபம் 44,109 கோடி ரூபாய், லிமிடெட்டின் நிகர லாபம் 16,239 கோடி ரூபாய். கூட்டினால் 60,348 கோடி.

இந்தக் கூட்டுத்தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லிமிடெட்டின் லாபத்தில் வங்கி கொடுத்த டிவிடெண்டும் இருக்கிறது. வங்கி அந்த ஆண்டு பங்குக்கு 15.50 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. லிமிடெட் நேரடியாக வைத்திருந்த பங்குகள் 86.46 கோடி, எனவே அந்த வகையில் வந்தது சுமார் 1,340 கோடி ரூபாய். இது வங்கியின் லாபத்திலிருந்து போன பணம். வங்கியின் 44,109 கோடியில் ஒருமுறை எண்ணியதை லிமிடெட்டின் 16,239 கோடியில் மறுபடியும் எண்ணுகிறோம். கழித்தால் கூட்டு லாபம் 59,008 கோடி.

பங்குகளை ரத்து செய்துவிட்டு, அவற்றின்மேல் வந்த டிவிடெண்டை மட்டும் லாபத்தில் விட்டுவைப்பது இந்த வகை இணைப்பில் சாதாரணமாக நடக்கும் தவறு. அதன் விளைவை அடுத்த படியில் பாருங்கள்.

படி 4: முன், பின் ஒப்பிடுங்கள்

இணைப்பு இல்லாவிட்டால் வங்கியின் இபிஎஸ்: 44,109-ஐ 559.18-ஆல் வகுத்தால் 78.88 ரூபாய். இணைப்போடு: 59,008-ஐ 753.76-ஆல் வகுத்தால் 78.29 ரூபாய். குறைவு 59 பைசா, ஒரு சதவீதத்துக்கும் கீழே. லேசான டைல்யூஷன்.

டிவிடெண்டைக் கழிக்க மறந்திருந்தால் 80.06 வந்திருக்கும், அக்ரீஷன் என்று எழுதியிருப்போம். ரத்தான பங்குகளை மறந்து 870.22 கோடியால் வகுத்திருந்தால் 67.81, பதினான்கு சதவீத டைல்யூஷன் என்று அலறியிருப்போம். ஒரே இணைப்புக்கு மூன்று தீர்ப்பு. துணை நிறுவனங்கள் வைத்திருந்த 30 கோடிப் பங்குகளுக்கான டிவிடெண்ட் 465 கோடியையும் சேர்த்துக் கழித்து இன்னும் இறுக்கமாகப் பார்த்தாலும் 77.67 வருகிறது. அப்போதும் முடிவு லேசான டைல்யூஷன்தான்.

படி 5: ஏன் குறைந்தது என்று கண்டுபிடியுங்கள்

குறித்துவைத்த 194.58 கோடியை இப்போது எடுங்கள். வங்கி நிகரமாக இத்தனை பங்குகளைக் கூடுதலாகக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பெற்ற லாபம் 16,239-லிருந்து 1,340 போக 14,899 கோடி. வகுத்தால் கூடுதலாக வந்த ஒவ்வொரு பங்கும் 76.57 ரூபாய் லாபத்தைக் கொண்டுவருகிறது. பழைய பங்கு ஒவ்வொன்றும் சம்பாதிப்பது 78.88. புதிதாகச் சேரும் பங்கு பழையதைவிடக் குறைவாகக் கொண்டுவந்தால் சராசரி இறங்கும், அதிகமாகக் கொண்டுவந்தால் ஏறும். அக்ரீஷனா டைல்யூஷனா என்பதன் அடிப்படை இவ்வளவுதான். எந்த இணைப்பானாலும் நான் முதலில் போடுவது இந்த வகுத்தலைத்தான்.

இதையே பி/இ விகிதத்தை, அதாவது பங்கு விலையை இபிஎஸ்ஸால் வகுத்து வரும் எண்ணை, வைத்தும் சொல்வார்கள்: வாங்குபவரின் பி/இ அதிகமாக இருந்தால் அக்ரீஷன், விற்பவருடையது அதிகமானால் டைல்யூஷன். பிரீமியம் இல்லாத சாதாரண இணைப்பில் இது சரியாக வேலை செய்யும். இங்கே அது ஏமாற்றும். அறிவிப்பு நேரத்தில், 2021-22 தனித்த லாபத்தின்படி வங்கியின் பி/இ சுமார் 22, லிமிடெட்டின் பி/இ சுமார் 32. அதை மட்டும் பார்த்தால் கடுமையான டைல்யூஷன் என்று தோன்றும். ஆனால் லிமிடெட்டின் 2,450 ரூபாய் விலைக்குள் வங்கியின் 21 சதவீதப் பங்கும், காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களில் இருந்த பங்கும் அடக்கம். அவற்றின் விலை பி/இ-யின் மேல்பகுதியில் முழுதாக நிற்கிறது, அவற்றின் லாபமோ கீழ்ப்பகுதியில் டிவிடெண்ட் அளவுக்கு மட்டுமே வருகிறது. விற்கும் நிறுவனம் மற்ற நிறுவனங்களின் பங்குகளை நிறைய வைத்திருந்தால் பி/இ குறுக்குவழியைத் தொடாதீர்கள். ஒருங்கிணைந்த கணக்கை எடுத்து இதே படிகளைத் திரும்பச் செய்வது நல்லது.

படி 6: எங்கே சமமாகும்?

பழைய இபிஎஸ் குறையாமல் இருக்க எவ்வளவு லாபம் வேண்டும்? 78.88-ஐ 753.76-ஆல் பெருக்கினால் 59,457 கோடி. நம்மிடம் 59,008 இருக்கிறது. பள்ளம் சுமார் 450 கோடி, வரிக்குப் பிறகு. லிமிடெட் வாடிக்கையாளர்களுக்கு வங்கிக் கணக்கும் கிரெடிட் கார்டும் விற்று இதை நிரப்ப முடியுமா என்பதுதான் நிர்வாகத்திடம் கேட்கவேண்டிய கேள்வி. "சினர்ஜி வரும்" என்ற பொதுப்பேச்சை ஓர் எண்ணோடு ஒப்பிட இப்போது முடிகிறது.

விகிதத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். இபிஎஸ் குறையாமல் வங்கி அதிகபட்சம் கொடுத்திருக்கக்கூடிய விகிதம் சுமார் 1.65, அதாவது 25-க்கு ஏறத்தாழ 41. கொடுத்தது 42. எல்லைக்கோட்டை ஒட்டித்தான் பேரம் முடிந்திருக்கிறது.

பள்ளத்தை ஆழமாக்கும் விஷயங்களையும் சேர்த்து எண்ணவேண்டும். வங்கி என்றால் டெபாசிட் முதலான பொறுப்புகளில் 4.5 சதவீதத்தை சிஆர்ஆர் ஆக ரிசர்வ் வங்கியிடம் வட்டியின்றி வைக்கவேண்டியிருந்தது, அரசுப் பத்திரங்களிலும் கட்டாயமாகப் போடவேண்டும். லிமிடெட் கடன் வாங்கித் திரட்டிய பணத்துக்கு இந்தச் சுமை இல்லை. இரண்டு பழைய லாபங்களைக் கூட்டும் நம் கணக்கில் இந்தச் செலவு தெரியாது. கொடுக்கும் வட்டி போக மிஞ்சும் வட்டி வருமானம் சொத்தில் எத்தனை சதவீதம் என்பதே நிகர வட்டி விகிதம். இணைப்புக்கு முன் 4.1 சதவீதமாக இருந்த வங்கியின் அந்த விகிதம், பிறகு 3.4 சதவீதத்துக்கு அருகில் வந்ததற்கு இதுவும், குறைந்த வட்டி தரும் வீட்டுக்கடன் பெருமளவு சேர்ந்ததும் காரணம்.

படி 7: நடந்ததோடு சரிபாருங்கள்

2023-24 ஆண்டு இபிஎஸ்ஸை எடுத்து "கூடிவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஆண்டில் முதல் மூன்று மாதம் பழைய வங்கி, மற்ற ஒன்பது மாதம் புதிய வங்கி, பங்கு எண்ணிக்கையும் எடைச் சராசரி. மார்ச் காலாண்டில் கல்விக்கடன் நிறுவனமான கிரெடிலாவின் பங்குகளை விற்றதில் 7,340 கோடி ஒருமுறை லாபம், அதே காலாண்டில் 10,900 கோடி கூடுதல் ஒதுக்கீடு. ஆண்டு எண்ணில் எல்லாம் கலந்துகிடக்கிறது.

காலாண்டை எடுங்கள். இணைப்புக்கு முந்தைய ஜூன் 2023 காலாண்டில் வங்கியின் லாபம் 11,952 கோடி, இபிஎஸ் 21.4 ரூபாய். இணைந்தபின் முதல் காலாண்டான செப்டம்பரில் லாபம் 15,976 கோடி, இபிஎஸ் 21.1 ரூபாய். லாபம் மூன்றில் ஒரு பங்கு கூடியது, பங்குக்கான லாபம் 1.4 சதவீதம் குறைந்தது.