எனர்ஜி டிரிங்க் கலந்தால் போதை குறையாது, தெரியாமல் போகும்

வழக்கமாக நான்காவது பெக்கில் கண் சொக்கிவிடும் ஒருவர், எனர்ஜி டிரிங்க் கலந்து குடிக்கும் அன்று ஆறாவதிலும் கலகலவென்று பேசிக்கொண்டிருப்பார். "இன்னிக்கு ஏறவே இல்லப்பா" என்பார். அதை நம்புவதுதான் முதல் தவறு.

மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச் சேரத் தூக்கம் வரும். மது அந்த அடினோசினைக் கூட்டுகிறது. எனர்ஜி டிரிங்கில் உள்ள காஃபீனோ அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் சோர்வு தெரியாது. ஆனால் கை நிதானத்தையும் முடிவெடுக்கும் திறனையும் மது வேறு வழிகளிலும் கெடுக்கிறது; காஃபீன் அதைச் சரிசெய்வதில்லை. 2006இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில் 26 இளைஞர்களைச் சோதித்தார்கள். மதுவோடு எனர்ஜி டிரிங்க் கலந்தபோது தலைவலியும் தளர்ச்சியும் தடுமாற்றமும் குறைந்ததாக அவர்களுக்குத் தோன்றியது. அளந்து பார்த்தால் தடுமாற்றம் குறையவில்லை, மூச்சில் அளந்த மதுவும் குறையவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 70 கிலோ எடையுள்ளவர் இரவு 8 மணிக்கு ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு கிளாஸிலும் 40 சதவீத வோட்கா 30 மில்லி, அரை கேன் எனர்ஜி டிரிங்க். 11 மணிக்குள் ஆறு கிளாஸ். உள்ளே போன மது சுமார் 57 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 கிராம்தான் எரிக்கும். ஆக, 11 மணிக்கு அவர் உடலில் 36 கிராம் பாக்கி. முழுதும் தீர விடிகாலை 4 ஆகிவிடும். கூடவே மூன்று கேன், அதாவது சுமார் 240 மில்லிகிராம் காஃபீன், அவரை விழிப்பாக வைத்திருக்கிறது. தூக்கம் வந்திருந்தால் நான்கோடு நிறுத்தியிருப்பார். இப்போது ஏழாவதை ஊற்றுகிறார். (இதெல்லாம் அளந்து ஊற்றினால்தான். கண் மதிப்பில் ஊற்றினால் 30 மில்லி சத்தமில்லாமல் 45 ஆகும், அந்த இனிப்பில் நாக்குக்கும் தெரியாது.)

இரண்டாவது தவறு, கிளம்பும் முன் "தெளிஞ்சிடும்" என்று ஒரு கேனைத் தனியாகக் குடிப்பது. கல்லீரல் அதனால் வேகம் எடுக்காது. தூக்கம் விலகிய தைரியத்தில் வண்டிச் சாவியை எடுப்பார், அவ்வளவுதான்.

கலக்காமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே கலந்து குடித்துவிட்ட நண்பரிடம் "எப்படி இருக்கே?" என்று கேட்டுப் பயனில்லை. சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறாரா, போனில் ஒரு வரி தட்டத் திணறுகிறாரா, திரும்பி நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறாரா என்று கவனியுங்கள். படுத்த பிறகும் ரத்தத்தில் மது ஏறிக்கொண்டிருக்கலாம், அதனால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை என்றாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.