ஆர்-1 விசா: சான்றிதழ் இல்லாத குருக்கள் தன் தகுதியை எப்படிக் காட்டுவது?

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கம் உள்ள நம்மூர்க் கோயில்களில் வேலை பார்க்கும் குருக்கள்மாருக்கு அமெரிக்கக் கோயில்களிலிருந்து அழைப்பு வருவது புதிதல்ல. அழைப்பு வந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “மாமா, என்கிட்ட சர்டிபிகேட்டே இல்லையே, அப்பாகிட்டதானே கத்துண்டேன்?” என்பதுதான். இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். பாரம் நிரப்புவது எளிது. தகுதியை எழுத்தில் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

முதலில், யார் எதைச் செய்ய வேண்டும்

ஆர்-1 என்பது மதப்பணியாளருக்கான தற்காலிக விசா. இதற்கு நீங்களாக நேரே போய் விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்கக் கோயில்தான் அங்குள்ள குடிவரவுத் துறையிடம் I-129 என்ற மனுவைப் போட வேண்டும். அது ஏற்கப்பட்டால் I-797 என்ற ஒப்புதல் அறிவிப்பு வரும். அதை வைத்து நீங்கள் இங்கே DS-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக வேண்டும். சண்டை முழுக்க முதல் கட்டத்தில்தான் நடக்கிறது. அதனால் மனு போவதற்கு முன்பே உங்கள் பக்கத்துக் காகிதங்கள் தயாராகிவிட வேண்டும்.

கோயில் பதிவு செய்யப்பட்ட லாபநோக்கற்ற மத அமைப்பாக இருக்க வேண்டும். அமெரிக்க வருமான வரித்துறை அவர்களுக்கு வரிவிலக்கு உண்டு என்று தந்த 501(c)(3) கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று மழுப்பினால், அங்கேயே கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

எந்தப் பிரிவில் போகிறீர்கள்?

மூன்று பிரிவுகள் உண்டு. முதலாவது, வழிபாட்டை நடத்தும் முழு அதிகாரம் பெற்ற சமயகுரு. இரண்டாவது, வாழ்நாள் முழுவதற்குமான விரதம் ஏற்றவர். சந்நியாசிகள், கன்னியாஸ்திரீகள் இதில் வருவார்கள். மூன்றாவது, மதச்சடங்கு சார்ந்த வேறு வேலை. கன்னியாஸ்திரீ என்றால் சபையில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த சான்று இருக்கும், வேலை சுலபம். நம் குருக்கள் குடும்பஸ்தர், வாழ்நாள் விரதம் என்ற பேச்சே இல்லை. அவர் போக வேண்டியது முதல் பிரிவில். சிலர் அவசரத்தில் இரண்டாவதில் எழுதிவிட்டு, விரதச் சான்று எங்கே என்று கேட்டு வந்ததும் திண்டாடுகிறார்கள்.

மடப்பள்ளி பரிசாரகர் மூன்றாவது பிரிவில் முயலலாம். ஆனால் நைவேத்தியம் தயாரிப்பது சமயச் சடங்கின் பகுதி என்பதைக் கோயில் தனியாக நிறுவ வேண்டும், அது லேசுப்பட்ட காரியமல்ல. நிர்வாகம், எழுத்தர் வேலை, துப்புரவு, நன்கொடை வசூல் இவையெல்லாம் மதப்பணி ஆகாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

தீட்சையை எழுத்தில் கொண்டுவருவது

பட்டமோ சான்றிதழோ கட்டாயம் என்று விதி சொல்லவில்லை. உங்கள் மரபு கல்லூரிப் படிப்பைக் கேட்காத மரபு என்றால், நான்கு விஷயங்களைக் காட்டச் சொல்கிறது: குருவாக ஆக அந்த மரபு என்ன கேட்கிறது, அதில் எத்தனை படிகள், அந்த நிலையை அடைந்தவர் என்னென்ன செய்யலாம், இவர் அந்தப் படிகளை முடித்தாரா.

சைவ ஆகமத்தில் இதற்கு அழகான விடை இருக்கிறது. சமய தீட்சை, விசேஷ தீட்சை, நிர்வாண தீட்சை, அதன்பின் ஆசாரியாபிஷேகம். ஆசாரியாபிஷேகம் ஆனவர்தான் கோயிலில் பரார்த்த பூஜை செய்யலாம். அதாவது, அவர்கள் கேட்கும் படிநிலை நம்மிடம் எப்போதோ இருக்கிறது. நாம்தான் அதை எழுதிவைக்கவில்லை.

செம்பூரில் உள்ள ஒரு குருக்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவிடம் கற்றவர், தீட்சை கொடுத்தவர் கும்பகோணம் பக்கத்து சிவாச்சாரியார் ஒருவர். அந்த குருவிடம் போய் “இவர் நல்லவர், வல்லவர்” என்று ஒரு பாராட்டுக் கடிதம் வாங்கி வந்தால் பயனில்லை. வேண்டியது இப்படி இருக்க வேண்டும்:

“நான் இன்ன ஊர் சிவாலயத்தில் இத்தனை ஆண்டுகளாக அர்ச்சகர். எனக்கு ஆசாரியாபிஷேகம் செய்தவர் இன்னார். எங்கள் மரபு காரணாகமத்தைப் பின்பற்றுகிறது. இந்த மரபில் அர்ச்சகர் ஆவதற்கு நான்கு படிகள் உண்டு. இவருக்கு சமய, விசேஷ தீட்சைகளை இன்ன தேதியிலும், நிர்வாண தீட்சையையும் ஆசாரியாபிஷேகத்தையும் இன்ன தேதியிலும் நானே செய்துவைத்தேன். இதன்படி நித்திய பூஜை, பிரதோஷம், உற்சவம், கும்பாபிஷேகம் ஆகியவற்றை நடத்த இவருக்கு முழு அதிகாரம் உண்டு.”

இதில் தேதி முக்கியம். பெரியவர்கள் “விகாரி வருஷம் வைகாசி” என்றுதான் சொல்வார்கள். பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து 2019 மே அல்லது ஜூனில் எந்த நாள் என்று கண்டுபிடித்து, இரண்டையும் எழுதுங்கள். கடிதம் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர வேண்டும்.

அப்புறம் பெயர். கும்பாபிஷேகப் பத்திரிகையில் “சிவஸ்ரீ” அடைமொழியோடு ஊர்ப்பெயர் சேர்த்து, கடைசியில் “குருக்கள்” என்று அச்சடித்திருப்பார்கள். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சேர்த்த பத்திரிகை யாரோ ஒருவருடைய பத்திரிகையாகிவிடும்.

இரண்டு வருடக் கணக்கு

மனு போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருடம், அந்தக் கோயில் சார்ந்த அதே சமயப் பிரிவில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். இது உறுப்பினராக இருந்ததற்கான நிபந்தனை, வேலை பார்த்ததற்கானது அல்ல. கிரீன் கார்டுக்குத்தான் இரண்டு வருட வேலையும் வேண்டும். பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, தேவையில்லாமல் சம்பளச் சீட்டு தேடி அலைகிறார்கள்.

ஆனால் இந்துக்களுக்குச் சர்ச் மாதிரி உறுப்பினர் பதிவேடு கிடையாது. ஆகவே நீங்கள் பூஜை செய்யும் செம்பூர்க் கோயில் அறங்காவலரின் கடிதம், கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் பெயர் அச்சான உற்சவப் பத்திரிகைகள், தேதியோடு உள்ள புகைப்படங்கள், வங்கியில் சம்பளம் வந்திருந்தால் அந்தக் கணக்கு எல்லாவற்றையும் சேருங்கள். இரண்டு வருடத்துக்கும் இடைவெளி விடாமல் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று ஒரு தாளில் மாதம் போட்டுப் பாருங்கள். நடுவில் எட்டு மாதம் காலியாக இருந்தால், அந்தக் காலத்துக்குத்தான் மறுபடி தேட வேண்டும்.

கோயில் தரும் கடிதம்

இதை எழுதுவது அமெரிக்கக் கோயில்தான், ஆனால் வரைவை உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “பூஜை செய்வார், பிரசாதம் செய்வார், கோயிலைச் சுத்தமாக வைத்துக்கொள்வார், அலுவலகத்தில் உதவுவார், பக்தர்கள் தரும் தட்சிணையை வருமானமாகப் பெறுவார்.” நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் இந்த ஒரே வாக்கியம் மனுவைக் கவிழ்க்கப் போதும். பாதி வேலை மதப்பணியே இல்லை, சம்பளமும் இல்லை.

திருத்தினால் எப்படி வரும்? திங்கள் முதல் வெள்ளி வரை காலை அபிஷேகம், அலங்காரம், அர்ச்சனை இரண்டரை மணி நேரம், மாலை சாயரட்சையும் அர்த்தஜாமமும் இரண்டு மணி நேரம், ஆக நாளுக்கு நாலரை. ஐந்து நாளுக்கு 22.5 மணி. சனி, ஞாயிறு ஹோமங்களும் சேர்த்து ஆறு ஆறு மணி என்றால் 12. வாரத்துக்கு 34.5 மணி நேரம். விதி கேட்பது சராசரியாக வாரம் 20 மணி நேரமாவது. பிரதோஷமும் நவராத்திரியும் இந்தக் கணக்குக்கு மேல் வருவது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதிகம் காட்ட வேண்டும் என்று 60 மணி எழுதாதீர்கள். ஏற்கெனவே இரண்டு குருக்கள் உள்ள சின்னக் கோயிலில் அவ்வளவு பூஜை ஏது என்று கேட்பார்கள்.

பணம் பற்றி நேராக எழுத வேண்டும். சம்பளம் எவ்வளவு, தங்க இடமும் சாப்பாடும் கோயில் தருகிறதா, அதற்கான பட்ஜெட் ஒதுக்கீடு எங்கே, முன்பு இருந்த குருக்களுக்குக் கொடுத்ததற்கான வரி ஆவணம் எங்கே. “தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வார்” என்பது, ஏற்கெனவே நடந்துவரும் மிஷனரித் திட்டங்களுக்கு மட்டும் உள்ள சலுகை. தட்டுக்காசை நம்பி நம்மவர்களுக்கு அது கிடைக்காது.

இதோடு கோயிலின் உறுப்பினர் எண்ணிக்கை, அதே இடத்தில் வேலை செய்வோர் எத்தனை பேர், அவர்களின் பொறுப்பு, கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பேருக்கு ஆர் விசா மனு போட்டார்கள் என்ற உறுதிமொழிகளும் மனுவில் உண்டு. அதிகாரிகள் கோயிலுக்கே நேரில் வந்து பார்ப்பது சகஜம். இணையதளத்தில் நான்கு அர்ச்சகர்கள் படத்தோடு சிரித்துக்கொண்டிருக்க, கடிதத்தில் ஒருவர்தான் என்றால் அங்கேயே சந்தேகம் விழும். இப்படி நேரடி ஆய்வில் ஏற்கெனவே தேறிய இடத்துக்கு மட்டும்தான், கூடுதல் கட்டணம் கட்டி மனுவைத் துரிதப்படுத்தும் வசதி கிடைக்கும். கோயிலிடம் இதைக் கேட்டுவிட்டால் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தால் பதறாதீர்கள், அது நிராகரிப்பு அல்ல. எந்தக் கேள்விக்கு எந்தக் காகிதம் என்று வரிசையாகப் பதில் போக வேண்டும், கெடு தேதிக்குள் ஒரே தடவையில்.

மும்பை நேர்காணல்

I-797 கைக்கு வந்தபின் DS-160-ல் அதிலுள்ள ரசீது எண்ணை, மூன்று எழுத்தும் பத்து இலக்கமும், பிழையில்லாமல் போடுங்கள். கட்டணம் 205 டாலர். கைரேகைக்கு ஒரு தடவை, நேர்காணலுக்கு ஒரு தடவை என்று தனித்தனியாக நேரம் எடுக்க வேண்டும். மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஆர்-2 கிடைக்கும், ஆனால் அதில் வேலை பார்க்க முடியாது.

ஜன்னலில் கேட்பது பெரும்பாலும் எளிய கேள்விகள்: எங்கே கற்றீர்கள், காலையில் கோயில் திறந்ததும் என்ன செய்வீர்கள், சம்பளம் யார் தருகிறார்கள். கடிதத்தில் உள்ளதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் கடிதத்தை யாராவது தமிழில் படித்துச் சொல்லக் கேட்டுவிட்டுப் போங்கள். “வீட்டு கிரகப்பிரவேசம், கல்யாணமெல்லாம் பண்ணி நன்னா சம்பாதிக்கலாம்னு சொன்னா” என்று உற்சாகமாகச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். இந்த விசாவில் மனு போட்ட கோயிலுக்கு மட்டும்தான் வேலை பார்க்க முடியும். கோயில் அனுப்பி, பணம் கோயிலுக்குப் போனால் அது வேறு. தனியாக வாங்கினால் அனுமதியில்லாத வேலை.

முதல் தடவை அதிகபட்சம் 30 மாதம் தருவார்கள், பிறகு இன்னொரு 30 மாதம் நீட்டிக்கலாம். நடுவில் கோயிலோடு ஒத்துப்போகாமல் விலகினால், கோயில் 14 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு கோயிலுக்கு மாற வேண்டுமென்றால் அந்தக் கோயில் புதிதாக ஒரு I-129 போட்டு, அது ஏற்கப்பட்ட பிறகுதான் அங்கே பூஜைக்கு நிற்கலாம்.