மூடுபனியைப் படித்த மாடல்

ஏற்காட்டை அடுத்த நாகலூர் பக்கம் என் சித்தப்பாவுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. இலைத்துரு நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று இரண்டு பருவங்களாகச் செல்போனில் இலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தோம். படங்கள் சில ஆயிரம் சேர்ந்துவிட்டன. ஆனால் எது துரு, எது வெறும் வெயில் கருகல் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் சித்தப்பா ஒருவர்தான். "முந்நூறு படம் பார்த்தாயிற்று தம்பி, இனி என் கண் தாங்காது" என்று அவர் எழுந்துவிட்டார். மிச்சப் படங்களை லேபிள் இல்லாமலே பயன்படுத்த ஒரு வழி தேவைப்பட்டது.

வழி இருக்கிறது. கணினிப் பார்வை ஆய்வாளர் கைமிங் ஹெவும் அவருடைய சகாக்களும் 2021இல் வெளியிட்ட மாஸ்க்டு ஆட்டோஎன்கோடர் முறை அது. 224 பிக்சல் அகலமும் உயரமும் கொண்ட படத்தை 16 பிக்சல் சதுரக் கட்டங்களாக வெட்டினால் 196 கட்டங்கள் வரும். அவற்றில் 147ஐ மறைத்துவிட்டு, மிஞ்சிய 49ஐ மட்டும், படத்தை எண்களாக மாற்றிப் புரிந்துகொள்ளும் பகுதியான என்கோடரிடம் கொடுக்கிறோம். மறைந்த இடங்களில் என்ன இருந்திருக்கும் என்பதைச் சிறிய டிகோடர் ஒன்று பிக்சல் பிக்சலாக ஊகிக்கிறது. பயிற்சி முடிந்ததும் டிகோடரைத் தூக்கி எறிந்துவிட்டு என்கோடரை வைத்துக்கொள்கிறோம். கவனிக்க வேண்டியது இதுதான்: நமக்குத் தேவை நிரப்பிய படம் அல்ல, நிரப்புவதற்காக என்கோடர் கற்றுக்கொண்ட அறிவு. நான் செய்த தவறுகள் எல்லாமே இதை மறந்ததால் வந்தவை.

முதலில், முக்கால் பங்கை மறைப்பது அநியாயமாகத் தோன்றி, கால் பங்கை மட்டும் மறைத்தேன். மொழி மாடல்களில் 15 சதவீதம் மறைத்தாலே போதும் என்று படித்திருந்ததும் ஒரு காரணம். ஆனால் படம் வாக்கியம் போன்றதல்ல. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் திறந்திருந்தால், அண்டை நிறத்தை இழுத்துப் பூசியே ஒப்பேற்றிவிடலாம். என் மாடல் அதைத்தான் செய்தது. நிரப்பிய படங்கள் கண்ணைப் பறித்தன. இழப்பும், அதாவது ஊகத்துக்கும் உண்மைப் படத்துக்கும் உள்ள வித்தியாசமும், சரசரவென்று இறங்கியது. சித்தப்பாவின் லேபிள்களை வைத்து இறுதிப் பயிற்சி கொடுத்தபோதோ உருப்படியான பலன் எதுவும் இல்லை. 75 சதவீதம் மறைத்ததும் நிரப்பிய படங்கள் மங்கின, பலன் ஏறியது. வெவ்வேறு மறைப்பு அளவுகளின் இழப்பை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. எளிய வினாத்தாளில் எடுத்த மதிப்பெண்ணைக் கடினமான வினாத்தாளோடு ஒப்பிடுவது போன்றது அது.

அடுத்த தவறைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொரு கட்டத்தின் பிக்சல்களையும் அந்தக் கட்டத்தின் சராசரியும் பரவலும் கொண்டு சமன்படுத்தி, அதையே இலக்காக வைத்தால் மாடல் நன்றாகக் கற்கிறது என்பது அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. நிரல் மூன்றே வரிதான்:

```python
mean = target.mean(dim=-1, keepdim=True)
var = target.var(dim=-1, keepdim=True)
target = (target - mean) / (var + 1.e-6) ** .5
```

சமவெளியில் எடுத்த படமாக இருந்தால் இதில் சிக்கல் வந்திருக்காது. எங்கள் படங்களில் பாதி, காலைப் பனி விலகும் முன் எடுத்தவை. இலைக்குப் பின்னால் சில்வர் ஓக் மரமும் இல்லை, மிளகுக்கொடியும் இல்லை, வெறும் வெள்ளைதான். அந்த வெள்ளைக் கட்டத்தில் இருப்பதெல்லாம் கேமரா சென்சாரின் இரைச்சல், பிக்சலுக்கு ஒரு படி கூடும் அல்லது குறையும். பிக்சல் மதிப்புகளைச் சிறிய எண்களாகச் சுருக்கித்தான் மாடலுக்குள் அனுப்புகிறோம். அந்த அளவில் அது சுமார் 0.017, அதன் வர்க்கம் 0.0003. மேலே உள்ள 1.e-6ஐவிட இது முந்நூறு மடங்கு பெரியது. ஆகவே அந்தச் சிறு எண்ணால் இதைத் தடுக்க முடியாது. வகுத்தல் முடிந்ததும், இலை நரம்பு எவ்வளவு உரக்கப் பேசுகிறதோ அதே அளவு உரக்க இரைச்சலும் பேசத் தொடங்கிவிடுகிறது. அதை யாராலும் ஊகிக்க முடியாது. மாடல் மட்டும் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும்.

மொத்த இழப்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கட்டம் கட்டமாக இழப்பைக் கணக்கிட்டு, அதைப் படத்தின் மேல் நிறமாகப் போட்டுப் பார்த்தேன். இலை முழுவதும் குறைவாக இருக்க, பனி மட்டும் ஏறக்குறைய 1 என்ற மதிப்பில் தகதகத்தது. சமன்படுத்திய இலக்குக்கு எல்லா இடத்திலும் பூஜ்யம் என்று சொன்னாலே இழப்பு 1தான் வரும். அதாவது மாடல் அங்கே எதையும் கற்கவில்லை, கற்கவும் வழியில்லை. 1.e-6ஐ 0.01ஆக உயர்த்தினேன். பனிக் கட்டத்தின் இழப்பு 0.03க்கு இறங்கியது. இலைக் கட்டத்தின் பரவல் 0.09 அளவில் இருந்ததால் அதற்குப் பெரிய மாற்றம் இல்லை. 0.01 எங்கள் படங்களுக்குப் பொருந்திய எண். உங்கள் படங்களில் வெறுமையான கட்டத்துக்கும் நிறைந்த கட்டத்துக்கும் பரவல் எவ்வளவு என்று அளந்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

துருப்புள்ளியின் அளவு இன்னொரு பொறி. எங்கள் படம் 4000க்கு 3000 பிக்சல். இலை சட்டத்தை நிறைத்து நிற்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கு 25 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 2 மில்லிமீட்டர் புள்ளி 50 பிக்சல் வரும். முழுப் படத்தையும் 224க்குச் சுருக்கினால் அது 4 பிக்சலுக்கும் குறைந்துவிடும். 16 பிக்சல் கட்டத்துக்குள் அது முழுதாக ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. எல்லைக் கோட்டைத் தொடும் வாய்ப்பு பத்தில் நான்கு மட்டுமே. கட்டத்துக்குள் அடங்கிய புள்ளியை மறைத்துவிட்டால், அப்படி ஒன்று இருந்ததற்கு அண்டைக் கட்டங்களில் எந்தத் தடயமும் இல்லை. மாடல் பச்சையைப் பூசிவிட்டு நகர்ந்துவிடும். அதன் நிலையில் அதுதான் சரியான விடை. ஆகவே சுருக்குவதற்கு முன், மூலப் படத்தை 1000 பிக்சல் சதுரங்களாக வெட்டினேன். இப்போது அதே புள்ளி 11 பிக்சல். பத்தில் ஒன்பது முறை அது ஏதாவதொரு கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஓரம் தெரிந்தால் மீதியை ஊகிக்கலாம். அந்த ஊகத்தில்தான் துருவின் வடிவத்தை என்கோடர் கற்கிறது.

சில ஆயிரம் படங்களை வைத்துக்கொண்டு பூஜ்யத்திலிருந்து பயிற்சியைத் தொடங்கியதும் வீண் வேலையே. மூல ஆய்வு பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பயிற்சி கொடுத்தது. அந்தப் பயிற்சியில் மாடல் கற்ற எண்களான எடைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை எடுத்து நம் இலைப் படங்களில் பயிற்சியைத் தொடர்ந்தால் போதும்.

கடைசியாக, என்கோடரை அளந்த விதம். அதை உறைய வைத்து, மேலே ஒரேயொரு நேர்கோட்டு அடுக்கை மட்டும் பயிற்றுவித்துப் பார்த்துவிட்டு 'இது தேறாது' என்று ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். மூல ஆய்விலேயே டிகோடரின் அடுக்குகளை எட்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தபோது அந்த நேர்கோட்டுச் சோதனையின் துல்லியம் 73.5 சதவீதத்திலிருந்து 65.5க்குச் சரிந்தது. முழு மாடலையும் இறுதிப் பயிற்சிக்கு உட்படுத்தியபோதோ வித்தியாசம் 84.9க்கும் 84.8க்கும் இடையில்தான். நாம் கடைசியில் எப்படிப் பயன்படுத்தப்போகிறோமோ அப்படியே அளக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் சித்தப்பாவின் முந்நூறு படங்களில் இருநூறைக் கொண்டு இறுதிப் பயிற்சி கொடுத்து, மீதி நூறில் சோதிக்கிறேன். ஒரே செடியின் இலைகள் இரண்டு பக்கமும் வராதபடி செடிவாரியாகப் பிரித்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு இதில் ஒரு குறை மட்டும் உண்டு. துருவின் ஆரஞ்சுப் பொடி இலையின் அடிப்பக்கத்தில்தான் படியும், நான் எடுத்ததோ பெரும்பாலும் மேல்பக்கம். அடுத்த பருவத்தில் இலையைத் திருப்பிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்கிறார்.